பழைய மொபைல் எண் வேறொருவர் கைக்குப் போய்விட்டால்: வங்கி, ஆதார், யுபிஐ எண்ணை மாற்றுவது எப்படி?

ரீசார்ஜ் செய்யாமல் விட்ட சிம் சில மாதங்களில் உங்கள் பெயரிலிருந்து போய்விடும். அப்புறம் அதே எண்ணைப் புதிதாக சிம் வாங்கும் ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். இது உங்கள் வங்கிக்குத் தெரியாது. கணக்கில் பணம் வந்தாலும் போனாலும் எஸ்எம்எஸ் அந்தப் புது ஆளுக்குப் போகும், ஓடிபியும் அவருக்கே போகும். உங்கள் எண்ணைப் போட்டு யாராவது பணம் அனுப்பினால் அதுவும் அவர் கணக்கில் விழலாம்.

என் அப்பாவுக்கு இது நடந்தது. தையல் கடை வைத்திருக்கிறார். வீட்டில் எல்லோரும் ஒரே கம்பெனி சிம்முக்கு மாறியபோது அவரும் புது எண் வாங்கினார், பழைய சிம் ரீசார்ஜ் இல்லாமல் கிடந்தது. ஒரு நாள் வாடிக்கையாளர் ஒருவர் ரவிக்கை தைத்த கூலியை அனுப்ப அப்பாவின் பழைய எண்ணைப் போட்டார். திரையில் அப்பா பெயர் வரவில்லை, முன்பின் தெரியாத ஒரு பெயர் வந்தது. அவர் பணத்தை அனுப்பாமல் போன் செய்து கேட்டதால்தான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது. அப்பாவுக்கு ரெண்டு வங்கிக் கணக்கு, ஆதார், கடையில் ஒட்டிய க்யூஆர் கோடு, எல்லாவற்றிலும் அந்தப் பழைய எண்தான் இருந்தது.

எல்லாவற்றையும் மாற்றியாகிவிட்டது. எந்த வரிசையில் போனால் அலைச்சல் குறையும் என்பதும் இப்போது தெரிகிறது. அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. எண் இப்போது யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள்

முதலில் வேறொரு போனிலிருந்து பழைய எண்ணுக்கு அழையுங்கள். உபயோகத்தில் இல்லை என்று பதிவுக் குரல் வந்தால் எண் இன்னும் யாருக்கும் போகாமல் இருக்க வாய்ப்பு உண்டு. மணி அடித்து வேறு யாராவது எடுத்தால் கைமாறிவிட்டது.

இன்னொரு வழி sancharsaathi.gov.in தளம். இப்போது உங்களிடம் இருக்கும் எண்ணைக் கொடுத்து ஓடிபி போட்டால் உங்கள் பெயரில் உள்ள மொபைல் இணைப்புகளின் பட்டியல் வரும். பழைய எண் அந்தப் பட்டியலில் இருந்தால் இன்னும் உங்கள் பெயரில்தான் இருக்கிறது.

கால அளவு இதுதான். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி ஒரு ப்ரீபெய்ட் எண்ணில் 90 நாள் தொடர்ந்து அழைப்பு, எஸ்எம்எஸ், டேட்டா எதுவும் இல்லை என்றால் அதைத் துண்டிக்கலாம். கணக்கில் 20 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால் அதில் 20 ரூபாயை எடுத்துக்கொண்டு இன்னும் 30 நாள் வைத்திருப்பார்கள். துண்டித்த பிறகும் 15 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் போனால் சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு அதே எண்ணை மீட்டுத் தருவார்கள். அதுவும் தாண்டினால் எண் நிறுவனத்தின் கைக்குப் போகும். துண்டித்த நாளிலிருந்து குறைந்தது 90 நாள் அதை வேறு யாருக்கும் கொடுக்கக்கூடாது. ஆக, கடைசியாக சிம்மைப் பயன்படுத்திய நாளிலிருந்து ஏறக்குறைய ஆறு மாதம் கழித்துத்தான் புது ஆள் வருவார்.

அவகாசம் மிச்சமிருந்தால் வேறு எதையும் செய்யுமுன் அசல் ஆதாரோடு அந்த நிறுவனத்தின் சொந்தக் கடைக்கு நேரில் போய் எண்ணைத் திரும்பக் கேளுங்கள். ரீசார்ஜ் மட்டும் செய்து தரும் பெட்டிக்கடையில் இது நடக்காது. எண் கிடைத்துவிட்டால் பெரும்பாலான மாற்றங்களை வீட்டில் உட்கார்ந்தே ஓடிபி போட்டுச் செய்யலாம், வங்கிக்கு நேரில் போகும் தேவையும் பெரும்பாலும் இருக்காது. அந்த ஒரு காரணத்துக்காகவே முயன்று பார்ப்பது நல்லது.

எண் கைமாறியிருந்தால் புது ஆளுக்கு அழைத்து, "ஒரு ஓடிபி வரும், கொஞ்சம் சொல்லுங்க" என்று கேட்கவே கேட்காதீர்கள். சுலபமான வழி மாதிரித் தெரியும். ஆனால் மோசடிக்காரர்கள் பேசும் பேச்சும் அச்சு அசல் இதேதான். நல்ல மனிதராக இருந்தால் போனை வைத்துவிடுவார். அப்படி இல்லாதவராக இருந்தால், இந்த எண்ணுக்கு ஒரு வங்கிக் கணக்கின் ஓடிபி வருகிறது என்று நீங்களே அவருக்குச் சொல்லிக்கொடுத்ததாக ஆகிவிடும்.

2. எவ்வளவு அவசரம் என்று கணக்குப் போடுங்கள்

பழைய எண் கையில் இருக்கும் ஆள் என்ன செய்ய முடியும் என்று தெரிந்தால்தான் அன்றே ஓட வேண்டுமா, அடுத்த வேலைநாளில் போனால் போதுமா என்று முடிவு செய்யலாம்.

அவர் தன் போனில் ஒரு யுபிஐ செயலியை நிறுவி, பட்டியலில் உங்கள் வங்கியைத் தேர்ந்தெடுத்தால், அந்த சிம்மிலிருந்து ஓர் எஸ்எம்எஸ் தானாகப் போகும். அந்த எண்ணோடு இணைந்த கணக்கை வங்கி தேடும். உங்கள் கணக்கில் எண் இன்னும் மாறாமல் இருந்தால் உங்கள் கணக்கு அவர் திரையில் தெரியக்கூடும். அவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இருக்க வேண்டியதில்லை. அதே வங்கியில் அவருக்கும் ஒரு கணக்கு இருந்தாலே போதும், இது நடந்துவிடும்.

ஆனால் கணக்கு தெரிந்ததாலேயே பணத்தை எடுத்துவிட முடியாது. யுபிஐ பின் வேண்டும். புதிதாகப் பின் வைக்கப் பரவலாக ரெண்டு வழி இருக்கிறது. ஒன்று, டெபிட் கார்டின் கடைசி 6 இலக்கமும் அது காலாவதியாகும் மாதம், ஆண்டும். கார்டு உங்கள் பர்ஸில் இருக்கும்வரை இந்த வழி அவருக்கு இல்லை. மற்றது, ஆதார் எண்ணின் முதல் 6 இலக்கமும் ஆதாரில் பதிந்த எண்ணுக்கு வரும் ஓடிபியும்.

இந்த ரெண்டாவது வழியில்தான் ஆபத்து இருக்கிறது. உங்கள் ஆதாரிலும் அதே பழைய எண் இருந்தால் ஓடிபி அவருக்கே போகும். அப்புறம் தடையாக மிஞ்சுவது ஆறே ஆறு இலக்கம். ஜெராக்ஸ் கடை, லாட்ஜ், சிம் விற்கும் இடம் என்று நம் ஆதார் நகல் எத்தனை இடத்தில் கிடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள்.

ஆதாரில் எந்த எண் இருக்கிறது என்று நினைவில்லை என்றால் myaadhaar.uidai.gov.in தளத்தில் `Check Aadhaar Validity` என்ற பகுதிக்குப் போங்கள். ஆதார் எண்ணைப் போட்டால் பதிந்திருக்கும் மொபைல் எண்ணின் கடைசி 3 இலக்கத்தைக் காட்டும். உள்நுழைய வேண்டியதில்லை, ஓடிபியும் கேட்காது.

வங்கி, ஆதார் ரெண்டிலும் பழைய எண்தான் என்றால் அன்றைக்கே வங்கியின் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குப் பேசுங்கள். எண்ணை பாஸ்புக்கிலிருந்தோ கார்டின் பின்பக்கத்திலிருந்தோ எடுங்கள். கூகுளில் தேடினால் போலி எண்கள் மாட்டும். "பதிவு செய்த மொபைல் எண் என்னிடம் இல்லை, வேறொருவருக்குப் போய்விட்டது. என் கணக்கில் யுபிஐயையும் நெட் பேங்கிங்கையும் நிறுத்தி வையுங்கள்" என்று சொன்னால் போதும். பதிவு செய்யாத எண்ணிலிருந்து பேசுவதால் கணக்கு எண், பிறந்த தேதி, கடைசியாக நடந்த பரிவர்த்தனை என்று கேட்டுச் சரிபார்ப்பார்கள், பாஸ்புக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். ரகசிய பின் எண், கார்டின் பின்னால் உள்ள 3 இலக்க எண், ஓடிபி ஆகியவற்றை வங்கி கேட்காது. புகார் எண்ணை வாங்கி, தேதி நேரத்தோடு எழுதி வையுங்கள். பிற்பாடு பணம் ஏதாவது போனால், எப்போது தகவல் சொன்னீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி.

3. வங்கிக் கிளைக்குப் போங்கள்

நெட் பேங்கிங்கிலோ வங்கிச் செயலியிலோ எண்ணை மாற்றலாம்தான். ஆனால் பெரும்பாலும் பழைய எண்ணுக்கு ஓர் ஓடிபி போகும், நமக்கு அது உதவாது. சில வங்கிகள் ஏடிஎம்மில் கார்டும் பின்னும் போட்டுப் புது எண்ணைப் பதிய விடுகின்றன. உங்கள் வங்கியில் அந்த வசதி இருந்தால் செய்துகொள்ளலாம். மற்றபடி கிளைக்குத்தான் போக வேண்டும்.

கொண்டுபோக வேண்டியவை: பாஸ்புக், அசல் ஆதார், பான் கார்டு, ரெண்டுக்கும் கையெழுத்திட்ட நகல், புது சிம் போட்ட போன். புது சிம்மில் எஸ்எம்எஸ் வருகிறதா, போகிறதா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். கணக்கு கூட்டுக் கணக்காக இருந்தால் மற்றவர் கையெழுத்தும் கேட்கக்கூடும், அவரையும் அழைத்துப்போனால் இன்னொரு நடை மிச்சம். கணக்கு தொடங்கிய கிளைக்கே போவது நல்லது. வேறு கிளையில் சில இடங்களில் செய்து தருகிறார்கள், சில இடங்களில் "உங்க பிராஞ்சுக்குப் போங்க" என்று திருப்பி அனுப்புகிறார்கள்.

வயதானவர்களுக்குக் கையெழுத்துதான் பெரிய தொல்லை. அப்பாவின் கையெழுத்து கணக்குத் தொடங்கியபோது போட்ட மாதிரி இப்போது இல்லை. ஒரு வங்கியில் அதைக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். கையெழுத்து மாறியிருந்தால் முதலிலேயே சொல்லி, கையெழுத்தைப் புதுப்பிக்கும் படிவத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். ரெண்டையும் ஒன்றாகக் கொடுத்தால் ஒரே நாளில் வேலை முடியும்.

படிவம் நிரப்புவதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. வங்கியின் கணினியில் உங்கள் மொபைல் எண் ஒரே இடத்தில் இருப்பதில்லை. வாடிக்கையாளர் விவரத்தில் ஒன்று இருக்கும். எஸ்எம்எஸ் அலர்ட்டுக்கு ஒன்று, நெட் பேங்கிங்குக்கு ஒன்று என்று தனித்தனியாகவும் பதிவாகியிருக்கலாம். ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறும் என்று எண்ண வேண்டாம். அப்பாவின் கணக்கில் வாடிக்கையாளர் விவரத்தில் எண் மாறிய பிறகும் அலர்ட் பழைய எண்ணுக்கே போய்க்கொண்டிருந்தது. அதனால் படிவத்தின் ஓரத்தில் கையால் இப்படி எழுதிக் கொடுங்கள்: "என் வாடிக்கையாளர் எண்ணின் கீழ் உள்ள எல்லாக் கணக்குகளிலும், எஸ்எம்எஸ் அலர்ட், நெட் பேங்கிங், டெபிட் கார்டு, யுபிஐ அனைத்திலும் பழைய எண்ணை நீக்கிப் புதிய எண்ணைப் பதியவும்." படிவத்தின் நகலில் தேதியோடு வங்கி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

அதே வங்கியின் கிரெடிட் கார்டு இருந்தால் அதற்குத் தனியாகக் கேளுங்கள். கார்டுப் பிரிவின் பதிவேடு பெரும்பாலும் வேறாக இருக்கும். நகைக்கடன், வைப்புத்தொகை, மனைவி அல்லது பிள்ளை கணக்குக்கு அலர்ட் எண்ணாக உங்கள் பழைய எண்ணைக் கொடுத்திருந்தால் அதையும் மாற்றச் சொல்லுங்கள். இந்தக் கடைசி விஷயம் பலருக்கு நினைவுக்கே வராது. அம்மாவின் கணக்கிலும் அப்பாவின் எண்தான் இருந்தது.

செலவு என்று பெரும்பாலான வங்கிகளில் எதுவும் இல்லை. நேரம்தான், அன்றைக்கே மாறும் இடமும் உண்டு, சில வேலைநாள் எடுக்கும் இடமும் உண்டு. எண் மாறிய பிறகு சில வங்கிகள் பெரிய தொகை அனுப்புவதைச் சிறிது காலம் தடுத்து வைக்கும். அந்த வாரத்தில் பள்ளிக் கட்டணம், கடன் தவணை ஏதாவது கட்ட வேண்டியிருந்தால் கிளையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

4. மாறியதா என்று நீங்களே சோதியுங்கள்

"மாத்தியாச்சு" என்று கவுண்டரில் சொன்னதை மட்டும் நம்பித் திரும்பாதீர்கள். மறுநாள் மூன்று சோதனை செய்யுங்கள். வங்கியின் மிஸ்டு கால் எண்ணுக்குப் புது எண்ணிலிருந்து அழையுங்கள், எண் பதிவாகியிருந்தால் இருப்புத் தொகை எஸ்எம்எஸ்ஸில் வரும். இது வாடிக்கையாளர் விவரம் மாறியதைக் காட்டும். அப்புறம் ஏடிஎம்மில் நூறு ரூபாய் எடுங்கள், எஸ்எம்எஸ் புது எண்ணுக்கு வந்தால் அலர்ட்டும் மாறிவிட்டது. கடைசியாக நெட் பேங்கிங்கில் கடவுச்சொல்லை மாற்றுவதுபோலத் தொடங்குங்கள். ஓடிபி எந்த எண்ணுக்குப் போகிறது என்று கடைசி சில இலக்கங்களைத் திரையில் காட்டும். அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடலாம். மூன்றும் சரியென்றால்தான் அந்த வங்கி முடிந்தது. எங்களுக்கு ரெண்டாவது சோதனையில்தான் அலர்ட் மாறாமல் இருந்தது தெரிந்தது.

5. ஆதாரில் எண்ணை மாற்றுங்கள்

பழைய எண்ணுக்கு வரும் ஓடிபியை வைத்து இதை வீட்டிலிருந்து மாற்ற முடியாது, அந்த எண்தான் உங்களிடம் இல்லையே. தாலுகா அலுவலகத்திலோ தபால் நிலையத்திலோ வங்கிக் கிளையிலோ இயங்கும் ஆதார் மையத்துக்கு நேரில் போவதுதான் நிச்சயமான வழி. நல்ல செய்தி என்னவென்றால், மொபைல் எண்ணை மட்டும் மாற்ற எந்த ஆவணமும் தேவையில்லை. ஆதார் எண்ணைச் சொல்லி, கைரேகையோ கருவிழியோ காட்டினால் போதும். கட்டணம் 75 ரூபாய். 2025 செப்டம்பர் வரை 50 ஆக இருந்தது. அதற்கு மேல் கேட்டால் ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். அதில் உள்ள எண்ணை வைத்துத்தான் நிலையைப் பார்க்க முடியும். மையத்தை விட்டு வெளியே வருமுன் சீட்டில் அச்சாகியிருக்கும் மொபைல் எண்ணை ஒவ்வொரு இலக்கமாகப் படியுங்கள். ஓர் இலக்கம் தவறினால் இன்னொரு அந்நியர் எண்ணுக்குப் போய்விடும், திரும்ப 75 ரூபாய், திரும்ப வரிசை. சில நாளில் மாறிவிடுவதுதான் வழக்கம். ரெண்டாம் கட்டத்தில் சொன்ன அதே பகுதியில் கடைசி 3 இலக்கத்தைப் பார்த்து உறுதிசெய்யலாம்.

தையல், கட்டட வேலை, விவசாயம் என்று கையால் உழைப்பவர்களுக்குக் கைரேகை தேய்ந்து, கருவியில் பதிய மறுக்கும். அப்பாவுக்கு எந்த விரலும் பதியவில்லை. கருவிழிக் கருவி இருக்கிறதா என்று மையத்தில் முதலிலேயே கேளுங்கள், அதில் சட்டென்று முடிந்துவிட்டது.

6. பழைய யுபிஐ முகவரியை மூடுங்கள், புதிதாகத் தொடங்குங்கள்

செயலியை போனிலிருந்து நீக்கிவிட்டால் யுபிஐ முகவரியும் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். போகாது. செயலி போனாலும் முகவரி அந்த நிறுவனத்தின் பதிவேட்டில் உங்கள் கணக்கோடு இணைந்தபடியே இருக்கும்.

இதில் ரெண்டு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, `98XXXXXX10@...` மாதிரி எண்ணை வைத்து உருவான முழு யுபிஐ முகவரி. மற்றது, வெறும் பத்து இலக்க எண்ணைப் போட்டு அனுப்புவது. பின்னதில், அனுப்புகிறவரின் செயலி அந்த நேரத்தில் அந்த எண் யாருடைய கணக்கோடு இணைந்திருக்கிறது என்று தேடிப் பார்த்துப் பெயரைக் காட்டுகிறது. புது ஆள் யுபிஐயில் பதியாதவரை பணம் உங்களுக்கே வந்துகொண்டிருக்கலாம். அவர் ஒரு நாள் செயலியை நிறுவிப் பதிந்ததும் அன்றிலிருந்து அவருக்குப் போகும். ஆகவே "நேற்றுகூட பழைய நம்பருக்கு அனுப்பினாங்க, சரியா வந்துச்சே" என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

பழைய போனில் செயலி இன்னும் திறக்கிறது என்றால், சுயவிவரத்துக்குள் போய் வங்கிக் கணக்கை நீக்குங்கள், பிறகு யுபிஐ முகவரிகளையும் ஒவ்வொன்றாக நீக்குங்கள். திறக்கவில்லை, அல்லது சிம் இல்லை என்று மறுக்கிறது என்றால், புது எண்ணில் அதே செயலியில் பதிந்து, உதவிப் பகுதியில் புகார் போடுங்கள். பழைய எண், பழைய முகவரி, கணக்கின் கடைசி 4 இலக்கம், எண் இப்போது உங்களிடம் இல்லை என்ற விவரம், இவ்வளவும் எழுதி, முகவரியை நீக்கிவிட்டு உறுதிசெய்யும்படி கேளுங்கள். கூடவே வங்கிக் கிளையிலும் இந்தக் கணக்கோடு பழைய எண்ணில் உள்ள யுபிஐ பதிவை நீக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். அப்பா ரெண்டு செயலி வைத்திருந்தார், ரெண்டிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டியிருந்தது.

தானாக நடக்காதா என்றால், ஓரளவு நடக்கும். துண்டிக்கப்பட்ட எண்களின் பட்டியலை தொலைத்தொடர்புத் துறை வெளியிடுகிறது. 2025 ஏப்ரல் 1 முதல் வங்கிகளும் யுபிஐ செயலிகளும் வாரம் ஒரு முறையாவது அதைப் பார்த்துத் தங்கள் பதிவைத் திருத்த வேண்டும் என்று யுபிஐயை நடத்தும் என்பிசிஐ சொல்லியிருக்கிறது. ஆனால் பட்டியலைப் பார்த்துப் பழைய எண்ணை நீக்கத்தான் அவர்களால் முடியும். உங்கள் புது எண் எது என்று நீங்கள் சொன்னால்தான் தெரியும்.

புது எண்ணில் தொடங்க, வங்கியில் எண் மாறி முடிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் "இந்த எண்ணில் கணக்கு இல்லை" என்றே வரும். ரெண்டு சிம் போனாக இருந்தால் சரியான சிம்மைத் தேர்ந்தெடுங்கள், அதில் ஓர் எஸ்எம்எஸ் அனுப்பும் அளவுக்காவது ரீசார்ஜ் இருக்க வேண்டும். பதிந்த முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய் வரைதான் அனுப்ப விடுவார்கள், பழுது என்று பயப்பட வேண்டாம்.

கடை வைத்திருப்பவர்கள் மேசையில் ஒட்டிய க்யூஆர் கோடை மறக்கவே கூடாது. அதற்குள் யுபிஐ முகவரி எழுத்தாகவே அச்சாகியிருக்கிறது, உள்ளே இருப்பது ஏறத்தாழ இப்படி இருக்கும்:

```
upi://pay?pa=98XXXXXX10@...&pn=...
```

வேறொரு போனில் ஸ்கேன் செய்து, தொகை போடாமல், என்ன முகவரியும் பெயரும் வருகிறது என்று பாருங்கள். பழைய எண் தெரிந்தால் அன்றே கிழித்துவிடுங்கள். புதிதாக எடுக்கும்போது எண்ணை வைத்து உருவான முகவரி வேண்டாம். பெயரையோ கடைப் பெயரையோ வைத்து ஒரு முகவரி எடுத்துக்கொண்டால் நாளைக்கு எண் மாறினாலும் அதில் எண் இருக்காது. அப்புறம், பழைய எண்ணைச் சேமித்து வைத்திருக்கும் வாடிக்கையாளர், வாடகை அனுப்புபவர், சீட்டுக் கட்டுபவர் எல்லோருக்கும் தனித்தனியே சொல்லுங்கள். அவர்களுடைய செயலியில் பழைய உரையாடலுக்குள் போய் அனுப்பினால் பழைய முகவரிக்கே போகும்.

7. மீதி இடங்கள்

வங்கி, ஆதார், யுபிஐ முடிந்தால் பாதி பாரம் இறங்கியது. மற்றவற்றை அவசரமில்லாமல் செய்யலாம்: பி.எஃப் கணக்கு, எல்ஐசி, மியூச்சுவல் ஃபண்ட், டிமேட், வருமான வரித் தளம், கேஸ் பதிவு, ரேஷன் கார்டு. ஆனால் ஜிமெயிலை முன்னாலேயே பாருங்கள், கடவுச்சொல்லை மீட்கும் எண்ணாகப் பழைய எண் இருந்தால் மின்னஞ்சலே வேறொருவர் கைக்குப் போகும் வழி அது. வாட்ஸாப்பில் `Change number` என்ற வசதி இருக்கிறது, பழைய போனில் கணக்கு திறந்திருக்கும்போதே செய்துவிடுங்கள்.

8. பணம் போய்விட்டிருந்தால்

ரெண்டு வகை இருக்கிறது, வழியும் வேறு. உங்கள் கணக்கிலிருந்து உங்களுக்குத் தெரியாமல் பணம் போயிருந்தால் உடனே 1930க்கு அழையுங்கள், cybercrime.gov.in தளத்திலும் பதியுங்கள், அதே நேரத்தில் வங்கிக்கும் எழுதுங்கள். ரிசர்வ் வங்கி 2017இல் கொண்டுவந்த விதிப்படி, உங்கள் தவறும் இல்லாமல் வங்கியின் தவறும் இல்லாமல் நடந்ததை 3 வேலைநாளுக்குள் தெரிவித்தால் உங்களுக்கு இழப்பு எதுவும் இல்லை. தாமதமானால் உங்கள் பங்கு கூடும். எண்ணை மாற்றாமல் விட்டது உங்கள் கவனக்குறைவு என்று வங்கி வாதாடும் என்பதை எதிர்பாருங்கள். முத்திரை போட்ட படிவ நகலும் புகார் எண்ணும் அங்கேதான் கைகொடுக்கும்.

உங்களுக்கு வர வேண்டிய பணத்தை ஒருவர் பழைய எண்ணுக்கு அனுப்பி அது அந்நியருக்குப் போயிருந்தால், புகார் கொடுக்க வேண்டியவர் நீங்கள் அல்ல, அனுப்பியவர். அவருடைய செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து, 12 இலக்க யுடிஆர் எண்ணோடு புகார் பதிந்து, அவருடைய வங்கிக்கும் எழுத வேண்டும். பணம் பெற்றவர் சம்மதிக்காமல் வங்கி அவர் கணக்கிலிருந்து எடுக்காது, அதனால் இதற்கு உத்தரவாதம் இல்லை. எவ்வளவு சீக்கிரம் புகார் போகிறதோ அவ்வளவு நல்லது.

வங்கிக்கு எழுத்தில் கொடுத்து 30 நாள் ஆகியும் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்குப் புகார் அனுப்பலாம், கட்டணம் கிடையாது. 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். எண் மாற்றப் படிவம் கொடுத்தும் மாற்றாமல் இழுத்தடிக்கும் வங்கி மேலும் இதே வழிதான்.

நீங்கள் மறுபக்கத்தில் இருந்தால்

புது சிம் வாங்கியதும் யாருடைய பணமோ வரவு, பற்று என்று உங்களுக்கு எஸ்எம்எஸ் வந்தால், அந்த வங்கியின் வாடிக்கையாளர் சேவை மின்னஞ்சலுக்கு, எஸ்எம்எஸ்ஸில் தெரியும் கணக்கின் கடைசி இலக்கங்களையும் உங்கள் எண்ணையும் எழுதி, "இந்தக் கணக்கு என்னுடையதல்ல, என் எண்ணை நீக்குங்கள்" என்று அனுப்புங்கள். போனில் பேசினால் "கணக்குதாரர்தான் கேட்க வேண்டும்" என்பார்கள். மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை என்றால் வங்கியின் இணையதளத்தில் உள்ள, புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரியின் முகவரிக்கு அதையே அனுப்புங்கள்.

தெரியாத பணம் உங்கள் கணக்கில் வந்துவிட்டால் செலவழிக்காமல் உங்கள் வங்கிக்கு எழுதுங்கள். யாரோ அழைத்து "தவறி அனுப்பிட்டேன், இந்த நம்பருக்குத் திருப்பிப் போடுங்க" என்றால் நேரடியாக அனுப்பாதீர்கள், இதையே ஒரு மோசடியாகவும் செய்கிறார்கள். வங்கி வழியாகத் திருப்பினால் அது வந்த கணக்குக்கே போய்ச் சேரும்.